அரை டிகிரியில் ஒரு மூலக்கூறின் நிறை

(திருப்பூரில் வேதியியல் ஆசிரியர்கள், மாணவர்கள், சாயப்பட்டறை ஆய்வகப் பணியாளர்கள் முன்னிலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



திருப்பூரில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிப்பதில்லை. இந்த ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சென்னைக் கடற்கரையில் பாதரசமானி 760 மில்லிமீட்டர் காட்டும் நாளில், இங்கே சுமார் 733தான் காட்டும். அதனால் இங்கே சுத்தமான தண்ணீர் 99 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பநிலையிலேயே கொதித்துவிடும். ஆய்வகத்தில் வெப்பமானி 99 காட்டினால், மாணவர்கள் அதைப் பழுது என்று நினைத்து நோட்டில் 100 என்று எழுதிவிடுவது உண்டு. இன்று நான் பேச வந்திருக்கும் பரிசோதனைக்கு அந்த ஒரு டிகிரி மிகப் பெரிய தொகை. நாம் அளக்கப்போவது அரை டிகிரியைத்தான்.

ஒரு திரவத்தில் ஆவியாகாத பொருள் ஒன்றைக் கரைத்தால் அதன் ஆவியழுத்தம் குறையும். வெளியே உள்ள காற்றழுத்தத்துக்கு அது சமமாக வேண்டுமானால் இன்னும் கொஞ்சம் சூடாக்க வேண்டும். இதுதான் கொதிநிலை ஏற்றம். இந்த ஏற்றம், கரைந்த பொருள் என்ன என்பதைப் பொறுத்ததல்ல. கரைசலில் எத்தனை துகள்கள் இருக்கின்றன என்பதைப் பொறுத்தது. பிரான்ஸின் கிரெனோபிள் நகரில் பேராசிரியராக இருந்த ராவுல்ட், 1880களில் உறைநிலையையும் ஆவியழுத்தத்தையும் அளந்து இதற்கான விதிகளை நிறுவினார். துகள்களின் எண்ணிக்கை தெரிந்துவிட்டால், நாம் போட்ட பொருளின் எடையை அந்த எண்ணிக்கையால் வகுத்து ஒரு மோலின் நிறையைச் சொல்லிவிடலாம். ஒரு கிலோ தண்ணீரில் ஒரு மோல் துகள்கள் கரைந்தால் கொதிநிலை 0.512 டிகிரி உயரும். சூத்திரம் இவ்வளவுதான்:

M = (Kb × 1000 × w₂) / (ΔT × w₁)

w₂ என்பது கரைபொருளின் கிராம், w₁ என்பது தண்ணீரின் கிராம், ΔT என்பது கொதிநிலை ஏறிய அளவு, Kb என்பது அந்த 0.512. தண்ணீருக்கான இந்த மாறிலி சிறியது. பென்சீனுக்கு 2.53, குளோரோஃபார்முக்கு 3.63. அவற்றைக் கரைப்பானாகக் கொண்டால் ஏற்றம் ஐந்து, ஏழு மடங்காகக் கிடைக்கும், அளப்பது எளிது. ஆனால் பென்சீன் புற்றுநோய் தரும் பொருள். கல்லூரி ஆய்வகத்தில் அதைக் கொதிக்க வைப்பதை நான் ஏற்கமாட்டேன். மேலும் இந்த ஊரில் நமக்கு வேலையே உப்புத் தண்ணீரோடுதான். ஆகவே தண்ணீரையே எடுத்துக்கொள்வோம்.

கரைபொருளாக யூரியா. ரியாக்டிவ் பிரிண்டிங் பசை கலக்கும் இடங்களில் யூரியா மூட்டை இல்லாமல் இருக்காது. ஆனால் உரக்கடை யூரியா வேண்டாம். இந்தியாவில் அதை வேப்பெண்ணெய் பூசித்தான் விற்கிறார்கள். ஆய்வகத் தரத்தில் வாங்கி, ஈரம் உறிஞ்சாமல் மூடி வைத்ததை எடுங்கள். அதன் மோலார் நிறை 60 என்பது நமக்கு முன்பே தெரியும். விடை தெரிந்த பொருளை முதலில் அளந்தால்தான் நம் கருவியும் கையும் எங்கே தவறுகின்றன என்று கண்டுகொள்ள முடியும்.

நூறு கிராம் காய்ச்சி வடித்த நீரைக் குடுவையில் எடைபோட்டு ஊற்றுங்கள். மேலே கண்டன்சர் பொருத்தி, எழும் ஆவி குளிர்ந்து திரும்பக் குடுவைக்குள்ளேயே விழும்படி செய்யுங்கள். பானை ஓட்டுச் சில்லுகள் சிலவற்றைப் போட்டு, சீராகக் கொதிக்க விட்டு, வெப்பநிலை அசையாமல் நின்றதும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு 6.00 கிராம் யூரியாவைப் போட வேண்டும். கொதிக்கும் நீரில் தூளைக் கொட்டினால் அது திடீரென்று பொங்கிக் கையில் தெறிக்கும். அடுப்பைத் தணித்து, கொதி அடங்கிய பின் வில்லையாக அழுத்திய யூரியாவைப் போடுவதுதான் பாதுகாப்பு. மறுபடி கொதிக்க வைத்து, நின்ற வெப்பநிலையைக் குறியுங்கள்.

முதல் அளவு 99.02, இரண்டாவது 99.52 என்று வைத்துக்கொள்வோம். ஏற்றம் 0.50. சூத்திரத்தில் போட்டால் 0.512 × 1000 × 6 வகுத்தல் 0.50 × 100, அதாவது 61.4. உண்மையான 60-க்கு இரண்டு சதவீதம் பக்கத்தில் வந்துவிட்டோம்.

இந்த இரண்டு சதவீதத்துக்கு வந்து சேர்வதுதான் கடினம். காரணம், ΔT சூத்திரத்தின் கீழ்ப்பகுதியில் உட்கார்ந்திருக்கும் ஒரு சிறிய எண். யூரியாவின் எடையில் 0.01 கிராம் பிசகினால் விடையில் பிழை 0.2 சதவீதம்கூட இல்லை. வெப்பநிலையிலோ, ஒவ்வொரு அளவிலும் 0.01 டிகிரி பிசகு இருந்தாலே, இரண்டும் எதிரெதிராக விழும்போது 0.02 ஆகும், அது நான்கு சதவீதம். வழக்கமான 0 முதல் 110 வரையுள்ள கண்ணாடி வெப்பமானியில் கோடுகள் டிகிரிக்கு ஒன்று. அரைக் கோட்டைக் கண்ணால் மதிப்பிட்டுப் படித்தால், நாம் தேடும் ஏற்றமும் நம் பிழையும் ஒரே அளவாக இருக்கும். அந்த வெப்பமானியால் 60 வந்துவிட்டது என்று ஒரு மாணவர் சொன்னால், விடையை முதலில் எழுதிவிட்டு அளவைப் பின்னால் எழுதியிருக்கிறார் என்று பொருள்.

இதற்காகவே ஜெர்மனியின் பெக்மன் 1888-இல் ஒரு வெப்பமானியைச் செய்தார். அதன் அளவுகோல் முழுவதும் ஐந்தாறு டிகிரிக்குள் அடங்கும். ஒவ்வொரு டிகிரியும் நூறு பங்காகப் பிரிக்கப்பட்டிருக்கும். உச்சியில் உள்ள பாதரசத் தேக்கத்தைக் கூட்டிக் குறைத்து, எந்த வெப்பநிலைப் பகுதிக்கு வேண்டுமோ அதற்கு அமைத்துக்கொள்ளலாம். உண்மையான வெப்பநிலை என்ன என்று அது சொல்லாது. வித்தியாசத்தை மட்டும் சொல்லும். நமக்கு வேண்டியதும் அதுதான். இன்று பாதரசத்தைத் தவிர்க்க விரும்புகிறவர்கள், நூறில் ஒரு பங்கு வரை காட்டும் பிளாட்டினம் உணரியைப் பயன்படுத்தலாம். சாஃப்ட் ஃப்ளோ மெஷினில் இருக்கும் பி.டி. நூறு உணரியின் குடும்பம்தான். ஆனால் அந்த மெஷினின் திரை முழு டிகிரிக்கோ பத்தில் ஒன்றுக்கோ காட்டினால் போதும் என்று அமைக்கப்பட்டது. நமக்கு அது போதாது.

நல்ல வெப்பமானி கையில் வந்துவிட்டது. இனி வரும் பிழையை வெப்பமானி காட்டாது. இன்றைய பேச்சில் நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது இதையே. காற்றழுத்தம் ஊருக்கு ஊர் மட்டும் மாறுவதில்லை; ஒரே நாளில் மணிக்கு மணி மாறுகிறது. நம்மைப் போன்ற வெப்பமண்டல ஊர்களில், புயலும் மழையும் இல்லாத சாதாரண நாளிலும், காற்றழுத்தம் காலை பத்து மணியளவில் உச்சத்துக்கு ஏறி, மாலை நான்கு மணியளவில் தாழ்ந்து, இரவு பத்து மணிக்கு மறுபடி ஏறுகிறது. காலைக்கும் மாலைக்கும் இடையிலான இறக்கம் மூன்று நான்கு மில்லிபார் இருக்கும். ஐரோப்பாவில் இந்த ஏற்ற இறக்கம் மிகச் சிறியது. அங்கே எழுதப்பட்ட ஆய்வகக் கையேடுகள் இதைப் பற்றிப் பேசாததில் வியப்பில்லை.

ஒரு மில்லிபார் குறைந்தால் தண்ணீரின் கொதிநிலை ஏறத்தாழ 0.028 டிகிரி இறங்கும். மூன்று மில்லிபாருக்கு 0.08. இப்போது நம் கணக்கைப் பாருங்கள். காலை பத்து மணி வகுப்பில் சுத்த நீரை அளக்கிறார்கள்: 99.02. மணி அடித்துவிடுகிறது. சாப்பிட்டுவிட்டு மாலை நான்கு மணிக்குக் கரைசலை அளக்கிறார்கள். கரைசல் உண்மையில் அரை டிகிரி உயர்ந்துதான் கொதிக்கிறது. ஆனால் தண்ணீரே இதற்குள் 0.08 இறங்கிவிட்டதால் வெப்பமானி 99.44 காட்டும். ஏற்றம் 0.42 என்று எழுதுகிறார்கள். மோலார் நிறை 73 என்று வருகிறது. எடை சரி, வெப்பமானி சரி, கணக்கு சரி; இருபது சதவீதத்துக்கு மேல் பிழை. எத்தனை முறை திரும்பச் செய்தாலும், காலையில் நீர், மாலையில் கரைசல் என்ற வரிசை மாறாத வரை, பிழை ஒரே பக்கமாகத்தான் விழும். சராசரி எடுப்பதால் இது தீராது.

தீர்வு எளிது. இரண்டு குடுவைகளை அருகருகே வையுங்கள். ஒன்றில் சுத்த நீர், மற்றதில் கரைசல். இரண்டும் ஒரே நேரத்தில் கொதிக்கட்டும். ஒரே மாதிரியான இரண்டு உணரிகளைப் போட்டு வித்தியாசத்தை மட்டும் படியுங்கள். காற்றழுத்தம் எப்படி மாறினாலும் இரண்டிலும் ஒன்றுபோல் மாறும். பிறகு உணரிகளை இடம் மாற்றிப் போட்டு இன்னொரு முறை படித்தால், அவற்றுக்கு இடையே உள்ள சொந்த வேறுபாடும் நீங்கிவிடும். ஒரே ஒரு குடுவைதான் இருக்கிறது என்றால் இரண்டு அளவுகளையும் சிறு இடைவெளிக்குள் எடுத்து, இரண்டு முறையும் காற்றழுத்தத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். சில கைபேசிகளிலேயே அதற்கான உணரி இருக்கிறது. ஒரு மில்லிபார் மாற்றத்தை அது நன்றாகவே காட்டும்.

அடுத்து, வெப்பமானியின் குமிழ் எங்கே இருக்க வேண்டும் என்ற கேள்வி. வாலை வடித்தலில் குமிழை ஆவியில் வைக்கப் பழகியிருக்கிறோம். இங்கே அப்படி வைத்தால் விடையே கிடைக்காது. கரைசலிலிருந்து எழுவது சுத்தமான நீராவி. அது குமிழின் மேல் குளிர்ந்து சுத்த நீர்ப் படலமாகப் படியும். அந்தப் படலமும் ஆவியும் சமநிலையில் நிற்பது சுத்த நீரின் கொதிநிலையில்தான். கீழே கரைசல் அரை டிகிரி கூடுதலாகக் கொதித்துக்கொண்டிருந்தாலும், ஆவியில் இருக்கும் வெப்பமானி பழைய எண்ணையே காட்டும். ஏற்றம் சுழியம் என்று எழுதியிருக்கும் நோட்டைப் பார்த்தால், முதலில் கேட்க வேண்டியது குமிழ் எங்கே இருந்தது என்பதுதான்.

சரி, கரைசலுக்குள் மூழ்க வைத்தால் வேறு தொல்லை வருகிறது. சுத்தமான கண்ணாடிக் குடுவையில் திரவம் தன் கொதிநிலையைத் தாண்டிச் சூடேறிய பிறகும் கொதிக்காமல் இருக்கும். குமிழி பிறக்க ஓர் இடம் வேண்டும். அது கிடைக்காமல் வெப்பம் ஏறிக்கொண்டே போய், பிறகு திடீரென்று பொங்கும். இந்த மீவெப்பம் நாம் தேடும் அரை டிகிரியை விடப் பெரிதாகவே இருக்க முடியும். ஓட்டுச் சில்லுகளைப் போடுவது இதற்காகத்தான். அவற்றின் நுண்துளைகளில் தங்கிய காற்றில் குமிழிகள் பிறக்கின்றன. ஒரு முறை கொதித்து ஆறினால் துளைகளுக்குள் நீர் புகுந்துவிடும். அதே சில்லு மறுமுறை வேலை செய்யாது. புதிய சில்லு போட வேண்டும். அதையும் ஆறிய திரவத்தில்தான். ஆழத்தையும் கவனியுங்கள். மேற்பரப்பிலிருந்து ஒரு சென்டிமீட்டர் கீழே போனால், மேலே உள்ள நீரின் எடையால் அங்கே கொதிநிலை 0.03 டிகிரிக்குச் சற்றுக் குறைவாக உயர்கிறது. ஐந்து சென்டிமீட்டருக்கு 0.14. ஆகவே இரண்டு அளவுகளிலும் குமிழ் ஒரே ஆழத்தில் இருந்தாக வேண்டும்.

இந்த இரண்டு தொல்லைகளையும் ஒன்றாகத் தீர்த்தவர் அமெரிக்கரான காட்ரெல். அனல்மின் நிலையங்களின் புகையிலிருந்து மின்புலத்தால் சாம்பலைப் பிரிக்கும் கருவியைக் கொண்டுவந்தவரும் அவரேதான். 1919-இல் அவர் அறிவித்த அமைப்பில் கவிழ்த்த புனல் ஒன்று திரவத்துக்குள் இருக்கும். அடியில் பிறக்கும் குமிழிகள் அந்தப் புனலின் குழாய் வழியாக மேலேறும்போது கொதிக்கும் திரவத்தையும் தள்ளிக்கொண்டு போய், மேலே ஆவியில் நிற்கும் வெப்பமானியின் குமிழ் மீது இடைவிடாமல் தெளிக்கும். குமிழைச் சுற்றி ஓடுவது கரைசல். அதனால் அளவு கரைசலுக்கு உரியது. அது மெல்லிய படலமாக ஓடுவதால் ஆழத்தின் அழுத்தம் இல்லை. ஆவியோடு கலந்தே வருவதால் மீவெப்பமும் தணிந்துவிடுகிறது. எளிய கண்ணாடி வேலை தெரிந்தவர் எவரும் இதைச் செய்து தரலாம். நம் கல்லூரிகளில் இது இல்லாதது எனக்கு வருத்தம்.

நீர் இழப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கண்டன்சர் சரியாகக் குளிராமல் பத்து கிராம் நீர் ஆவியாகப் போய்விட்டால், நூறு கிராமுக்குப் பதில் தொண்ணூறு கிராமில் யூரியா இருக்கும். ஏற்றம் 0.50 இருக்க வேண்டிய இடத்தில் 0.56 வரும், நிறை 55-க்கு இறங்கும். கோடையில் மேல்நிலைத் தொட்டித் தண்ணீர் சூடாகவே வருவதால், கண்டன்சர் பாதிதான் வேலை செய்யும். பரிசோதனை முடிந்ததும் குடுவையை ஆறவிட்டு மறுபடி எடை போடுங்கள். எவ்வளவு நீர் குறைந்தது என்று தெரிந்துவிடும்.

யூரியாவுக்கே உரிய சிக்கலும் உண்டு. கொதிநீரில் அது மெல்லச் சிதைகிறது. முதலில் அம்மோனியம் சயனேட்டாக மாறும்; ஒரு மூலக்கூறு இரண்டு அயனியாகிறது. பிறகு அம்மோனியாவாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் வெளியேறிவிடும். அதனால் நீண்ட நேரம் கொதித்த யூரியாக் கரைசலில் வெப்பநிலை ஓரிடத்தில் நிற்காது. கண்டன்சரின் வாயில் அம்மோனியா நெடி வந்தாலோ, கரைசலில் விட்ட ஃபினால்ஃப்தலீன் இளஞ்சிவப்பாக மாறினாலோ அந்த அளவைக் கைவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள். மூன்று நான்கு செறிவுகளில் விரைவாக அளந்து, ஒவ்வொன்றுக்கும் வரும் நிறையை வரைபடத்தில் குறித்து, செறிவு சுழியத்துக்குப் போகும்போது கோடு எங்கே வெட்டுகிறது என்று பார்ப்பது இன்னும் நல்லது. சூத்திரம் உண்மையில் மிக நீர்த்த கரைசலுக்குத்தான் பொருந்தும்.

இப்போது யூரியாவை விட்டுவிட்டு, இந்த ஊரின் உப்புக்கு வருவோம். பருத்தித் துணியை ரியாக்டிவ் சாயத்தில் போடும்போது, சாயம் நூலில் ஏறுவதற்காக லிட்டருக்கு 60, 80 கிராம் கிளாபர் உப்பு சேர்க்கிறீர்கள். அதே குடுவையில் நூறு கிராம் நீரில் பத்து கிராம் நீரற்ற சோடியம் சல்பேட்டைப் போட்டுக் கொதிக்க வையுங்கள். அதன் மோலார் நிறை 142. சூத்திரப்படி ஏற்றம் 0.36 வர வேண்டும். ஆனால் வெப்பமானி 0.7-ஐத் தாண்டிப் போகும். அதிலிருந்து கணக்கிட்டால் நிறை 70 சொச்சம். உண்மையில் ஏறத்தாழ பாதி.

இது பிழையல்ல. சோடியம் சல்பேட் நீரில் இரண்டு சோடியம் அயனியாகவும் ஒரு சல்பேட் அயனியாகவும் பிரிகிறது. வெப்பமானி துகள்களை எண்ணுகிறது. ஒன்றுக்கு மூன்று இருக்கிறது என்கிறது. ராவுல்ட் காலத்தில் உப்புகள் தந்த இந்த முரண்பட்ட எண்களைத்தான் வாண்ட்ஹாஃப் ஒரு காரணியாகப் பெருக்கி வைத்தார். அந்தக் காரணி எங்கிருந்து வருகிறது என்று அர்ரீனியஸ் 1887-இல் விளக்கினார். அப்படியானால் ஏற்றம் மூன்று மடங்காக, 1.08 வர வேண்டாமா? வராது. இந்தச் செறிவில் இரட்டை மின்சுமை கொண்ட சல்பேட் அயனிகள் சோடியம் அயனிகளை இழுத்துப் பிடிப்பதால், அவை முழு சுதந்திரத்தோடு இயங்குவதில்லை. மூன்றுக்குப் பதில் இரண்டு துகள்கள்போல நடந்துகொள்கின்றன. நீர்க்க நீர்க்கத்தான் மூன்றை நெருங்கும்.

கிளாபர் உப்பில் இன்னொரு பொறி இருக்கிறது. படிகமாக வருவதில் ஒரு மூலக்கூறுக்குப் பத்து நீர் மூலக்கூறுகள் ஒட்டியிருக்கும். அதன் நிறை 322. எடையில் உப்பு 44 சதவீதம்தான், மீதி தண்ணீர். மூட்டையில் பாதி காய்ந்த உப்பு இருந்தால் பத்து கிராமில் எவ்வளவு உப்பு என்று எவராலும் சொல்ல முடியாது. எடை போடும் முன் உலையில் வைத்து, எடை இனிக் குறையாது என்ற நிலை வரை உலர்த்துங்கள். வணிகச் சாயப் பொடியை இந்த முறையில் அளக்கலாமா என்றும் கேட்பீர்கள். வேண்டாம். ரியாக்டிவ் பிளாக் 5-இன் மோலார் நிறை ஆயிரத்தை ஒட்டியது. அது தரும் ஏற்றம் மிகச் சிறியது. வீரியத்தைச் சரிசெய்ய அந்தப் பொடியில் கலந்திருக்கும் உப்பு அதைவிடப் பெரிய ஏற்றம் தந்துவிடும். நீங்கள் அளப்பது சாயத்தை அல்ல, கலந்த உப்பை.

கடைசியாக, குடுவையிலிருந்து சுத்திகரிப்பு நிலையத்துக்கு. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாய, சலவைப் பட்டறைகளை மூட உத்தரவிட்டதும், நொய்யலில் கழிவுநீர் ஒரு சொட்டும் விடக்கூடாது என்ற நிபந்தனைக்குப் பின்னால்தான் அவை திறந்ததும் உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆர்.ஓ. விட்டுவைக்கும் அடர்ந்த உப்புநீரைக் காய்ச்சி உப்பைப் பிரிக்கும் இவாப்பரேட்டரில், குடுவையில் பார்த்த அரை டிகிரியே பல டிகிரியாக நிற்கிறது. நிறைவுற்ற சோடியம் சல்பேட் கரைசல் சுத்த நீரைவிட மூன்று டிகிரியும், நிறைவுற்ற சாதா உப்புக் கரைசல் ஒன்பது டிகிரிக்குச் சற்றுக் குறைவாகவும் உயர்ந்து கொதிக்கும்.

நான்கு கலங்களைத் தொடராக வைத்த இவாப்பரேட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் கலத்தின் நீராவிக்கும் கடைசிக் கலத்தின் வெற்றிடத்துக்கும் இடையே மொத்தம் 40 டிகிரி வித்தியாசம் என்று வைப்போம். ஒரு கலத்திலிருந்து எழும் ஆவிதான் அடுத்த கலத்தைச் சூடாக்குகிறது. குமிழை ஆவியில் வைத்தபோது நடந்ததே இங்கும் நடக்கிறது: கரைசல் மூன்று டிகிரி கூடுதலாகக் கொதித்தாலும், ஆவி அடுத்த கலத்தின் குழாய்களில் குளிர்வது சுத்த நீரின் வெப்பநிலையில்தான். கலத்துக்கு மூன்று வீதம் எல்லாக் கலங்களிலும் இழந்தால் பன்னிரண்டு போய், வெப்பத்தைக் கடத்த மீதி 28 டிகிரி. சல்பேட்டுக்குப் பதில் சாதா உப்பு நிறைவுற்ற நிலையில் எல்லாக் கலங்களிலும் இருந்தால் 35 டிகிரி போய், கையில் ஐந்துதான் நிற்கும். கலம் வேலையே செய்யாது. நடைமுறையில் கடைசிக் கலங்களில்தான் செறிவு ஏறும் என்பதால் இழப்பு இவ்வளவு இருக்காது. ஆனாலும் சாதா உப்பு கலந்த கழிவுநீர் வரும் நாளில் ஆவியாகும் வேகம் குறைவதற்கு, குழாயில் படிந்த படிவத்தை மட்டும் குற்றம் சொல்லக் கூடாது.

அதைப் பிரித்தறிய ஒரு வழி கலத்திலேயே இருக்கிறது. கரைசலுக்குள் ஓர் உணரி, ஆவி வெளியேறும் குழாயில் ஓர் அழுத்தமானி. அந்த அழுத்தத்தில் சுத்த நீர் எந்த வெப்பநிலையில் கொதிக்கும் என்பதை நீராவி அட்டவணையில் பார்த்து, கரைசலின் வெப்பநிலையிலிருந்து கழித்தால் வருவது கொதிநிலை ஏற்றம். அது கூடியிருந்தால் மாறியது கரைசல். செறிவோ உப்பின் வகையோ வேறாகியிருக்கிறது. அது அப்படியே இருந்து வேகம் மட்டும் குறைந்திருந்தால், குழாயைத் திறந்து படிவத்தைச் சுரண்டுங்கள். உணரி கரைசலில் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதை மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். வெற்றிடத்தில் கொதிக்கும் கலத்தில், ஒரு சென்டிமீட்டர் ஆழம் தரும் பிழை நம் குடுவையில் பார்த்ததைவிடப் பெரிது.